குளிர்பதன அறையில் ஒரு டன்னுக்கு ஒரு மாதச் செலவு: அறை பாதி காலியாக இருந்தாலும் பிசகாத கணக்கு

கோல்ட் ஸ்டோரேஜ் நடத்துபவரிடம் ஒரு டன் சரக்கை ஒரு மாதம் வைக்க என்ன செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கரண்ட் பில்லை அறையின் கொள்ளளவால் வகுத்து ஓர் எண்ணைச் சொல்வார். அறை நிரம்பி வழியும் மாதத்தில் அந்த எண் சரிதான். பாதி காலியான மாதத்தில் அது உண்மைச் செலவில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். காரணம் எளிது: குளிரூட்டும் இயந்திரம் சரக்கைவிட அறைக்காகத்தான் அதிகம் உழைக்கிறது. சுவர் வழியே வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். உள்ளே 100 டன் இருக்கிறதா, 10 டன் இருக்கிறதா என்று சுவர் பார்ப்பதில்லை.

அதனால் இங்கே ஒரே ஓர் அறையை எடுத்துக்கொண்டு, அதன் செலவை இரண்டாகப் பிரிக்கப் போகிறோம். ஒன்று அறைக்கான செலவு, மற்றது டன்னுக்கான செலவு. வாடகை நிர்ணயம், தள்ளுபடி, அறையை எப்போது அணைப்பது என்ற எல்லா முடிவுகளும் இந்தப் பிரிவினையிலிருந்தே வரும்.

முதலில் அளவுகோல்

மின் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே எல்லாச் செலவையும் மின் யூனிட்டிலேயே எழுதுவோம். மின்சாரம் அல்லாத செலவுகளை (சம்பளம், பராமரிப்பு, காப்பீடு) உங்கள் ஒரு யூனிட் கட்டணத்தால் வகுத்தால் அவையும் யூனிட்டாக மாறிவிடும். கடைசியில் வரும் விடையைக் கட்டணத்தால் பெருக்கினால் பணம். ஜெனரேட்டரில் ஓடும் யூனிட்டுகளுக்கும் இதே வழிதான்: டீசல் யூனிட் ஒன்றுக்கு மூன்று மடங்கு விலை என்றால் அதை மூன்று யூனிட்டாக எண்ணுங்கள்.

வெப்பத்தையும் யூனிட்டில் அளக்கலாம், ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் என்பது ஒரு யூனிட். குழம்பாமல் இருக்க வெப்ப யூனிட், மின் யூனிட் என்று தனித்தனியே சொல்கிறேன். ஒரு மின் யூனிட் செலவழித்தால் எத்தனை வெப்ப யூனிட்டை வெளியேற்ற முடிகிறது என்பதுதான் இயந்திரத்தின் சிஓபி. நம் உதாரணத்தில் கம்ப்ரசர், கண்டென்சர் ஃபேன் இரண்டையும் சேர்த்து அதை 2.5 என்று வைத்துக்கொள்கிறேன். வெளியே வெயில் ஏற ஏற இது குறையும்.

அறை காலியாக இருந்தாலும் ஓடும் செலவு

அறை 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம். 360 கன மீட்டர், சுமார் 100 டன் பிடிக்கும். சரக்கு உருளைக்கிழங்கு, உள்ளே 4 டிகிரி, வெளியே நாள் சராசரி 32 டிகிரி.

சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்தால் 322 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் பஃப் பேனல் என்றால், இணைப்புகளில் கசிவதையும் சேர்த்து, ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.25 வாட் நுழையும் என்று கொள்ளலாம். வித்தியாசம் 28 டிகிரி. பெருக்கினால் 2,250 வாட் வருகிறது, அதாவது ஒரு நாளைக்கு 54 வெப்ப யூனிட். தரைக்கு அடியில் இவ்வளவு சூடு இருக்காது, மறுபக்கம் கூரையில் வெயில் பட்டால் 32 டிகிரியைத் தாண்டும். இரண்டும் ஓரளவு ஈடாகிவிடும் என்பதால் பிரிக்காமல் விட்டிருக்கிறேன்.

அடுத்து எவாபரேட்டர் ஃபேன். பலர் கணக்கில் இது காணாமல் போகிறது, ஆனால் எனக்கு இதுதான் மிக முக்கியமான வரி. மொத்தம் 1.2 கிலோவாட் ஃபேன்கள் நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 24 மின் யூனிட். அந்த 24 யூனிட்டும் அறைக்குள்ளேயே வெப்பமாக மாறும், அதையும் கம்ப்ரசர் வெளியே தள்ள வேண்டும். ஆகவே ஃபேனுக்கு நாம் இரண்டு முறை பணம் கட்டுகிறோம்: நேரடியாக 24, அதன் வெப்பத்தை அகற்ற இன்னொரு 9.6. மொத்தம் ஏறக்குறைய 34 மின் யூனிட்.

மீதி சிறியவை. கதவு இடுக்குகளின் கசிவும் தினசரி சோதனைக்காகத் திறப்பதும் சேர்ந்து 10 வெப்ப யூனிட். விளக்கு, ஆட்கள், பனி உருக்குதல் ஆகியவற்றிலிருந்து 6 வெப்ப யூனிட், அவற்றுக்கான நேரடி மின்சாரம் 6 யூனிட்.

வெப்பம் எல்லாம் கூட்டினால் 54 + 24 + 10 + 6 = 94. இதை 2.5-ஆல் வகுத்தால் 37.6 மின் யூனிட். நேரடி மின்சாரம் 30. ஆக, ஒரு கிழங்குகூட இல்லாமல் அறையை 4 டிகிரியில் வைத்திருக்க நாளுக்கு சுமார் 68 யூனிட், மாதம் 2,040 யூனிட். இதில் பாதி ஃபேன்களால் வருவது. இதைப் பிறகு பயன்படுத்தப் போகிறோம்.

டன்னோடு சேர்ந்து வரும் செலவு

கிழங்கு உயிருள்ள பொருள், சுவாசிக்கும்போது வெப்பம் விடும். 4, 5 டிகிரியில் முதிர்ந்த உருளைக்கிழங்கு ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 18 வாட் விடுகிறது. மாதம் 13 வெப்ப யூனிட், அதாவது 5.2 மின் யூனிட். ஒரு டன்னை ஒரு மாதம் கூடுதலாக உள்ளே வைத்திருக்க இயந்திரம் கேட்பது இவ்வளவுதான்.

உள்ளே வரும் நாளில் ஒரு தடவைச் செலவு தனியாக இருக்கிறது. 30 டிகிரியில் வரும் ஒரு டன் கிழங்கை 4 டிகிரிக்கு இறக்க, ஒரு கிலோவுக்கு டிகிரிக்கு 3.6 கிலோஜூல் என்ற கணக்கில், 26 வெப்ப யூனிட் எடுக்க வேண்டும். அது 10.4 மின் யூனிட். கிழங்கை முதலில் சில நாள் மிதமான சூட்டில் ஆறவிட்டு மெதுவாகத்தான் இறக்குவார்கள். மெதுவாக இறக்கினாலும் எடுக்க வேண்டிய வெப்பம் குறையாது, அந்த நாட்களில் சுவாச வெப்பம் வேறு கூடுதலாக இருக்கும். இரவில் அறுவடை வெப்பம் தணிந்த பிறகு சரக்கை ஏற்றினால் ஒவ்வொரு டிகிரிக்கும் டன்னுக்கு ஒரு வெப்ப யூனிட் மிச்சம்.

அப்புறம் கதவு. 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள கதவு முழுதாகத் திறந்து கிடந்தால், கனமான குளிர்காற்று கீழ்ப்பகுதி வழியே வெளியேறி, மேல்பகுதி வழியே சூடான ஈரக்காற்று நுழையும். இந்த 28 டிகிரி வித்தியாசத்தில் முதல் சில நிமிடங்களுக்கு அது 100 கிலோவாட் அளவை எட்டும். ஒரு டன் ஏற்ற 6 நிமிடம் என்றால் 10 வெப்ப யூனிட், இறக்கும்போது இன்னொரு 10. ஒரு டன்னைக் குளிர்விக்கத் தேவையான 26-க்குப் பக்கத்தில் இந்த 20-ஐ வைத்துப் பாருங்கள். நன்றாகத் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரை இதை 3 வெப்ப யூனிட் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பட்டைகளை மடித்து மேலே கட்டிவைத்தால் திரை இல்லாததற்குச் சமம். நம் அறையில் திரை ஒழுங்காக இருப்பதாகக் கொள்வோம்: குளிர்விக்க 10.4, கதவுக்கு 1.2, ஆக ஒரு டன் வந்து போக சுமார் 12 மின் யூனிட்.

சேர்த்துப் பார்த்தால்

மின்வாரியத்துக்குக் கட்டும் நிலைக்கட்டணம், ஒப்பந்தச் சுமை 12 கிலோவாட், கிலோவாட்டுக்கு மாதம் 30 யூனிட் மதிப்பு என்றால் 360. சம்பளம், பராமரிப்பு, காப்பீடு சேர்ந்து 1,200 யூனிட் மதிப்பு என்று வைக்கிறேன். இந்த இரண்டு எண்களும் உதாரணத்துக்காக, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டட முதலீடு, கடன் தவணை இதில் இல்லை. அவற்றையும் சேர்ப்பதானால் இந்த 1,200-உடன் கூட்ட வேண்டும்.

அறைக்கான செலவு 2,040 + 360 + 1,200 = 3,600. இதைச் சராசரி டன்னால் வகுத்து, சுவாசத்துக்கான 5.2-ஐக் கூட்டினால் ஒரு டன்னின் மாதச் செலவு கிடைக்கும்.

| உள்ளே சராசரி டன் | ஒரு டன்னுக்கு மாதம் (யூனிட்) |
|---|---|
| 100 | 41 |
| 70 | 57 |
| 50 | 77 |
| 25 | 149 |
| 10 | 365 |

அறை நிரம்பியிருக்கும்போது மொத்தச் செலவில் 70 சதவீதத்துக்கு மேல் மின்சாரம்தான். ஆனாலும் அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி டன்னோடு ஏறி இறங்குவதில்லை. கரண்ட் செலவு என்றாலே சரக்குக்கு ஏற்ப மாறும் செலவு என்று நினைப்பதுதான் இந்தத் தொழிலில் வாடகை தவறாக நிர்ணயமாவதற்கு முதல் காரணம்.

ஒரு முழு வருடம்

ஒரே மாதத்தை வைத்து வாடகை போட முடியாது. அறை இப்படி நிரம்பி வடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் மாதம் சராசரி 50 டன், பிறகு 100, 100, 95, 85, 70, 55, 40, 25, 10. கடைசி இரண்டு மாதங்கள் காலி, இயந்திரம் நிற்கிறது. கூட்டினால் 630 டன்-மாதம். இதுதான் நாம் விற்கும் பொருளின் அளவு.

அறையின் மின்சாரம் 10 மாதத்துக்கு 20,400. நிலைக்கட்டணமும் சம்பளமும் காலி மாதங்களிலும் போகும்: 12 மாதத்துக்கு 4,320-உம் 14,400-உம். சுவாசத்துக்கு 630 × 5.2, அதாவது 3,276. நுழைவுக்கு 100 டன் × 12, அதாவது 1,200. மொத்தம் 43,596 யூனிட். 630-ஆல் வகுத்தால் ஒரு டன்-மாதத்துக்கு 69.

அறை நிரம்பியிருக்கும் என்று நம்பி 41 யூனிட் வாடகையும் தனியாக நுழைவுக் கட்டணம் 12-உம் வாங்கியிருந்தால் வருமானம் ஏறக்குறைய 27,000 மட்டுமே. வருடச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையைவிட்டுப் போயிருக்கும். இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதம்வரை அறை நிறைந்திருப்பதால் இது வெளியே தெரியாது, அதற்குப் பிறகுதான் மாதாமாதம் பணம் இறுகும்.

மாத வாரியாக வந்த எண்களைக் கூட்டிப் பத்தால் வகுத்துச் சராசரி எடுப்பவர்களும் உண்டு. இந்த உதாரணத்தில் அப்படிச் செய்தால் 99 வரும். 10 டன் இருந்த மாதத்தின் 365-க்கும் 100 டன் இருந்த மாதத்தின் 41-க்கும் ஒரே எடை கொடுத்துவிடுவதால் வரும் பிழை அது. மொத்தச் செலவை மொத்த டன்-மாதத்தால் வகுப்பது மட்டுமே சரி.

எந்த டன்னில் அறையை நிறுத்துவது

வாடகை டன்னுக்கு 70 யூனிட் மதிப்பு என்று வைத்துவிட்டோம். பத்தாம் மாதம் 10 டன் மட்டும் இருக்கிறது, வருமானம் 700. அந்த மாதம் அறையை ஓட்டாவிட்டால் மிச்சமாவது அறையின் 2,040-உம் சுவாசத்தின் 52-உம். சம்பளமும் நிலைக்கட்டணமும் எப்படியும் போகும், அவற்றை இந்த முடிவில் சேர்க்கக் கூடாது. 2,092 செலவழித்து 700 வாங்குகிறோம். ஒன்பதாம் மாதமும் அப்படித்தான்: 2,170 செலவு, 1,750 வரவு.

எல்லைக்கோடு எங்கே என்றால், 2,040-ஐ (70 − 5.2)-ஆல் வகுக்க வேண்டும். 31.5 டன். அதற்குக் கீழே போனதும் மிச்சச் சரக்கைப் பக்கத்து அறைக்கு மாற்றுவதோ, ஒன்பதாம் மாதம் தொடங்குமுன் எடுத்துக்கொள்பவருக்குத் தள்ளுபடி தருவதோ லாபம். ஒன்பதாம், பத்தாம் மாதங்களில் சேர்ந்து 1,800 யூனிட்டுக்கு மேல் நஷ்டம் என்பதால், அதுவரையிலான எந்தத் தள்ளுபடியும் நமக்கு நல்லதே.

இதே கணக்கின் மறுபக்கம்: ஐந்தாம் மாதத்தில் 15 டன் இடம் காலியாக இருக்கும்போது ஒருவர் வந்து டன்னுக்கு 40 தருகிறேன் என்றால், சராசரிச் செலவான 69-ஐக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவருடைய சரக்கால் கூடும் செலவு ஒரு தடவை 12, பிறகு மாதம் 5.2. ஆனால் இந்த விலையை வருடம் முழுவதும் வைக்கும் வாடிக்கையாளருக்கு நீட்டினால் அறைக்கான 3,600-ஐக் கட்ட ஆளே இருக்காது. கடைசி நேரக் காலியிடத்துக்கு மட்டும், குறுகிய காலத்துக்கு மட்டும்.

வாடகையை அமைக்கும்போது எனக்குப் பிடித்த வழி, நுழைவுக் கட்டணத்தைத் தனியாக வாங்கிவிட்டு, மாத வாடகையை வைத்த சரக்குக்கு அல்லாமல் ஒதுக்கிய இடத்துக்கு வாங்குவது. 20 டன் இடம் பிடித்தவர் 8 டன் எடுத்துப் போய்விட்டாலும், அந்த இடத்தை விட்டுக்கொடுக்கும்வரை 20-க்குக் கட்டுவார். காலியிடத்தின் செலவு அதை வைத்திருப்பவரிடம் போய்ச் சேரும், அவரும் சீக்கிரம் விட்டுக்கொடுப்பார்.

காலி அறையில் குறைக்க முடிவது

இப்போது அந்த ஃபேன்கள். அறை நிரம்பியிருக்கும்போது 20 மணி நேர ஓட்டம் தேவைப்படலாம். 30 டன் இருக்கும்போது தேவையில்லை. ஓட்டத்தைப் பாதியாக்கினால் நாளுக்கு 12 நேரடி யூனிட், அதன் வெப்பத்துக்காக 4.8, மாதம் 500 யூனிட் குறையும். அறைக்கான மின்சாரம் 1,540 அளவுக்கு இறங்க, அறையை நிறுத்தும் எல்லையும் 31 டன்னிலிருந்து 24-க்கு இறங்கும். வேகத்தைக் குறைக்கும் டிரைவ் இருந்தால் இன்னும் நல்லது: 80 சதவீத வேகத்தில் ஃபேன் ஏறக்குறைய பாதி மின்சாரமே எடுக்கும், காற்றும் நிற்காது.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. அடுக்கின் நடுவில் ஒன்று, கதவுப் பக்கம் உச்சியில் ஒன்று என்று வெப்பமானிகளை வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரியைத் தாண்டினால் ஓட்டத்தைக் கூட்டுங்கள். கிழங்கின் மேல் ஈரம் பூத்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

மின் கட்டணம் உச்ச நேரத்தில் அதிகம் என்றால், அந்த நாலு மணி நேரம் இயந்திரத்தை அணைக்கும் உத்தியும் உண்டு. அது அறை நிரம்பியிருக்கும்போதுதான் பாதுகாப்பானது. 100 டன் கிழங்கு ஒரு டிகிரி ஏற 100 வெப்ப யூனிட் வேண்டும், நாலு மணி நேரத்தில் நுழைவது 20-க்கும் குறைவு. சரக்கு 0.2 டிகிரிதான் ஏறும். 10 டன் மட்டும் இருந்தால் அதே நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

உங்கள் மீட்டரிலிருந்தே இரண்டு எண்களை எடுப்பது

மேலே உள்ளது பேனல் தடிமனிலிருந்து போட்ட கணக்கு. உண்மையான எண்கள் மீட்டரில் இருக்கின்றன. அறைக்குத் தனி சப்-மீட்டர் போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் மூன்று எண்களைக் குறியுங்கள்: உள்ளிருக்கும் டன், அன்று வந்த டன், ஓடிய யூனிட். சரக்கு வந்த நாட்களையும், அதை அடுத்து அது குளிரும்வரை உள்ள நாட்களையும் ஒதுக்கிவிட்டு, மீதியில் டன்னை B நிரலிலும் யூனிட்டை C நிரலிலும் வைத்தால்:

```
=INTERCEPT(C2:C41, B2:B41)
=SLOPE(C2:C41, B2:B41)
```

முதல் சூத்திரம் தருவது காலி அறையின் ஒரு நாள் மின்சாரம், நம் உதாரணத்தில் 68. இரண்டாவது ஒரு டன் ஒரு நாளைக்குக் கேட்பது, 0.17 அளவில் வரும். ஒதுக்கிய நாட்களில் இந்தக் கோட்டுக்கு மேல் கூடுதலாக ஓடிய யூனிட்டைக் கூட்டி, வந்த டன்னால் வகுத்தால் நுழைவுச் செலவு.

டன் போதுமான அளவு ஏறி இறங்கியிருந்தால்தான் இந்தக் கோடு நம்பத்தக்கது. 95-லிருந்து 100-க்குள்ளேயே நின்ற மாதத்தில் அர்த்தமற்ற எண் வரும். வெளி வெப்பநிலையும் கலந்துவிடக் கூடாது. வெளியே 32-லிருந்து 22-க்கு இறங்கினால் சுவர் வழி வெப்பம் 54-லிருந்து 35 ஆகிவிடும், சிஓபியும் உயரும். சரக்கு குறையும் காலமும் குளிர் காலமும் ஒன்றாக வந்தால், வானிலையால் குறைந்த மின்சாரத்தைச் சரக்கின் கணக்கில் எழுதி, டன்னுக்கான செலவைப் பெரிதாகக் காட்டிவிடும். வெயில் மாதங்களுக்கும் குளிர் மாதங்களுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டாவது எண் 0.17-ஐவிடப் பல மடங்கு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கலப்பைத்தான்.

அதே வானிலையில் முதல் எண் போன வருடத்தைவிட ஏறியிருந்தால் கோளாறு அறையிலோ இயந்திரத்திலோ இருக்கிறது, சரக்கில் இல்லை. கதவே திறக்காத ஓர் இரவில் கம்ப்ரசர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். இரவிலும் ஓட்டம் கூடியிருந்து, பேனலின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் வியர்த்திருந்தால் அங்கே உள்ளே ஈரம் இறங்கி பஃப் வலுவிழந்திருக்கிறது. வியர்வை இல்லாமல், கண்டென்சரில் தூசி அடைந்து அழுத்தம் ஏறியிருந்தால் கழுவினாலே போதும்: குளிர்பொருள் திரவமாகும் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசரின் மின்சாரம் 2, 3 சதவீதம் கூடும். இரவு ஓட்டம் மாறாமல் பகல் ஓட்டம் மட்டும் கூடியிருந்தால் கதவின் ரப்பரையும் பட்டைத் திரையையும் பாருங்கள்.